எண்பது நிமிட ஓய்வு எங்கே போயிற்று?

கேள்வி: "ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போக்குவரத்துக் கழகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு இளம்பெண், பஸ் கால அட்டவணைக்குப் போட்ட செலவுக் கணக்கில் டிரைவர்களின் ஓய்வு விதி விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். நிஜத்தில் இது எப்படி நடக்கும்? எதைப் பார்த்து அவளுக்குப் பொறி தட்டும்? துறை தெரிந்தவர்கள் படித்தால் சிரிக்கக் கூடாது."

ஓய்வு என்று ஒரு வரியே இல்லாத செலவுக் கணக்கை நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லாக் கணக்கிலும் ஓய்வு இருக்கும், தாராளமாகவே இருக்கும். ஆனால் சில்லறையாக இருக்கும். உங்கள் கதைநாயகி கண்டுபிடிக்க வேண்டியது அந்தச் சில்லறையைத்தான். "விதியையே மறந்துவிட்டார்கள்" என்று எழுதினால் துறைக்காரர்கள் முதல் பக்கத்திலேயே உதட்டைப் பிதுக்குவார்கள்.

நான் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கால அட்டவணைப் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டம் படித்தவன் இல்லை. தொழிலாளர் துறை ஆய்வாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதி எழுதிப் பழகியவன், அவ்வளவுதான். ஆகவே சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணை பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கதைக்கு ஒரு தடம் வேண்டும். மாவட்டத் தலைநகர் ஒன்றின் டவுன் பஸ் தடம் என்று வையுங்கள். ஒரு முனை பஸ் ஸ்டாண்ட். அங்கே கேன்டீன், கழிவறை, டைம் கீப்பர் அறை எல்லாம் உண்டு. மறுமுனை ஊருக்கு வெளியே ஒரு ஆலமரத்தடி, பக்கத்தில் ஒரு டீக்கடை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு தடவை போவதுதான் சிங்கிள். ஒரு சிங்கிள் ஓட 50 நிமிடம், முனையில் 10 நிமிடம் நிற்கும். ஆக மணிக்கு ஒரு சிங்கிள். இந்தத் தடத்தில் 12 பஸ். முதல் பஸ் காலை 5:00க்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும், அடுத்தது 5:10, இப்படிப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக 6:50 வரை. ஒவ்வொரு பஸ்ஸும் 16 மணி நேரம் ஓடி 16 சிங்கிள் அடிக்கும்.

செலவுக் கணக்கு போடுகிறவருக்கு இதில் இரண்டு பெரிய செலவு. ஒன்று கிலோமீட்டரோடு ஏறும் செலவு: டீசல், டயர், உதிரிபாகம். இன்னொன்று ஆள் செலவு. முதலாவதில் பெரிதாகத் தப்பு வராது, ஏனென்றால் பஸ் ஓடிய தூரத்தை மீட்டர் காட்டிவிடும். ஆள் செலவில்தான் கோட்டை விடுவார்கள். 12 பஸ், தலைக்கு 16 மணி நேரம், மொத்தம் 192 மணி நேரம். ஒரு ஆளுக்கு 8 மணி நேரம். வகுத்தால் 24. அதாவது நாளொன்றுக்கு 24 டிரைவர், 24 கண்டக்டர். எக்செல் தாளில் அந்தக் கட்டம் இப்படித்தான் இருக்கும்:

```
=ROUNDUP(C7/8,0)
```

பக்கத்திலேயே "ஓய்வு (நிமிடம்)" என்று ஒரு பத்தி. எட்டு சிங்கிளுக்கு எட்டு நிறுத்தம், ஒவ்வொன்றும் 10 நிமிடம், கூட்டினால் 80. சட்டம் கேட்பது அரை மணி, நாம் கொடுப்பது 80 நிமிடம் என்று கீழே ஒரு குறிப்பும் இருக்கும். இந்தத் தாளைப் பார்க்கிற எந்த மேலாளருக்கும் மனசு குளிர்ந்துவிடும். எனக்கும் குளிர்ந்திருக்கிறது; அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டத்தில் கதைக்கு வேண்டிய பகுதி இவ்வளவுதான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. பதினைந்தாவது பிரிவு சொல்கிறது: தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி ஓய்வு கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு மொத்தமே ஆறு மணி நேரத்துக்கு மேற்படாத வேலை என்றால் இந்த இடைவேளை கட்டாயமில்லை. பதின்மூன்றாவது பிரிவுப்படி நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாத இடம் வரையறைப் பகுதியில் இருக்கிறது. "வேலை நேரம்" என்றால் சக்கரம் சுற்றும் நேரம் மட்டும் கிடையாது. கையெழுத்துப் போட்டு வண்டியை எடுப்பது, வண்டியை ஒப்படைப்பது, கலெக்‌ஷன் கட்டுவது எல்லாம் அதில் சேரும். அதோடு, முனையில் 15 நிமிடத்துக்குக் குறைவாகக் காத்திருந்தால் அந்தக் காத்திருப்பும் வேலை நேரம்தான்.

இப்போது அந்த 80 நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொன்றும் 10 நிமிடம், எல்லாமே 15க்குக் கீழே. சட்டத்தின் கண்ணில் அதில் ஒரு நிமிடம்கூட ஓய்வு இல்லை, மொத்தமும் வேலை. இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. நிறுத்தத்தை 10லிருந்து 20 நிமிடமாக ஆக்கினாலும் அது அரை மணி ஓய்வாகிவிடாது, அதே சமயம் வேலை நேரம் என்று அடித்துச் சொல்லவும் வாதம் குறைந்துவிடும். இரண்டு பக்கமும் சேராமல் அந்தரத்தில் நிற்கும் நேரம் அது. 14 நிமிட நிறுத்தத்தை 15 என்று திருத்தினால் பஸ் பழையபடியே ஓட, தாளில் மட்டும் வேலை நேரம் இறங்கும். கதையில் ஒரு கெட்டிக்கார ஆலோசகர் வேண்டுமென்றால் அவருக்கு இதைக் கொடுங்கள்.

அடுத்து, அவள் இதை எப்படிப் பிடிப்பாள் என்பது. பெயருக்குக் கயல் என்று வைத்துக்கொள்கிறேன். எக்செல்லை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்து "அய்யோ!" என்று எழுந்து நிற்க வைக்காதீர்கள். தாளுக்குள் தப்பு தெரியாது, ஏனென்றால் அந்தத் தாளில் ஆளே கிடையாது. அதில் இருப்பது பஸ், மணி, கிலோமீட்டர். ஒரு மனிதனின் ஒரு நாள் அங்கே எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. நிஜத்தில் துப்பு வேறு வழியாக வரும், பெரும்பாலும் கிலோமீட்டர் குறைவதில் வரும்.

புது ஆட்களுக்குக் கொடுக்கிற முதல் வேலையே அதுதான்: "இந்தத் தடத்துல திட்டமிட்ட கிலோமீட்டருக்கும் ஓடின கிலோமீட்டருக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம், பாரும்மா." கயல் ரத்தான சிங்கிள்களை எடுத்து வரிசைப்படுத்துகிறாள். காரணம் என்று எழுதியிருப்பது "போக்குவரத்து நெரிசல்", "வண்டிக் கோளாறு", திரும்ப "நெரிசல்". நெரிசல் என்றால் காலை ஒன்பது மணியைச் சுற்றி விழ வேண்டும். இவை விழுந்திருப்பது பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள். அதுவும் ஒவ்வொரு பஸ்ஸிலும் எட்டாவது சிங்கிள், காலை ஷிப்டின் கடைசி சிங்கிள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆலமரத்தடியில் என்ன நெரிசல்? எங்கள் துறையில் இதுதான் நம்பகமான அடையாளம். கணக்கு கொடுக்காத ஓய்வை ஆட்கள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள், கடைசி சிங்கிளை வெட்டி எடுத்துக்கொள்வார்கள், அதற்குக் காகிதத்தில் ஒரு காரணமும் எழுதுவார்கள்.

அங்கிருந்து அவள் டிரிப் ஷீட்டுக்குப் போகட்டும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு டிரைவர். 5:00 மணி முதல் பஸ்ஸின் டிரைவர், 4:40க்குக் கையெழுத்து. 5:00, 6:00, 7:00, 8:00 என்று எட்டு சிங்கிள், கடைசியாக 12:50க்கு பஸ் ஸ்டாண்ட், வண்டியைக் கொடுத்துக் கணக்கு முடிக்க 1:10. தாளில் 8 மணி நேரம் என்று இருந்தது, கையெழுத்திலிருந்து கையெழுத்து வரை எண்ணினால் எட்டரை. அதில் எங்கேயும் அரை மணி இடைவெளி இல்லை. போதாததற்கு 8:00 மணி சிங்கிள் 8:50க்கு வந்து சேர வேண்டியது, ஷீட்டில் டைம் கீப்பர் பதிந்தது 8:57. பத்து நிமிட நிறுத்தத்தில் மிஞ்சியது மூன்று நிமிடம். தாளிலிருந்த எண்பது நிமிடமும் ரோட்டில் எண்பதாக இல்லை.

இதற்குப் பிறகு வேண்டுமானால் எக்செல்லுக்குத் திரும்பலாம். ஓய்வுப் பத்தியின் அடியில் இருந்தது `=SUM(F4:F11)`. அவள் அதை அழித்துவிட்டு இதைப் போடுகிறாள்:

```
=MAX(F4:F11)
```

80 இருந்த கட்டத்தில் 10 வந்து நிற்கிறது. கண்டுபிடிப்பு மொத்தமும் இவ்வளவுதான். கூட்டினால் சரி, ஒரே துண்டாகப் பெரியது எது என்று கேட்டால் தப்பு. வாசகருக்கு வேறு எந்தச் சூத்திரமும் தேவைப்படாது.

இனி வருவதுதான் உங்கள் கதை துறைக்காரர்களிடம் பாஸ் ஆகிற இடம். "விதியைச் சேர்த்தால் செலவு எவ்வளவு கூடும்?" என்று மேலாளர் உடனே கேட்பார். கயல் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும். அந்த எண், ஓய்வை எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். அவள் பென்சிலால் வெட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஓய்வு எப்போது என்று பார்ப்போம். 4:40லிருந்து ஐந்து மணி நேரம் என்றால் 9:40. நான்காவது சிங்கிள் 8:50க்கு முடிகிறது, ஐந்தாவது 9:50க்கு. ஆகவே 8:50க்கே இறக்கிவிட வேண்டும். கையெழுத்து நேரத்தை மறந்து 5:00 மணியிலிருந்து எண்ணுகிறவருக்கு 10:00 வரை நேரம் இருக்கிறது, ஐந்தாவது சிங்கிளையும் முடிக்கலாம், கூட்டம் ஓய்ந்த பிறகு ஓய்வு கொடுக்கலாம் என்று தோன்றும். அந்த 20 நிமிடம்தான் ஓய்வைப் பள்ளிக்கூட, ஆபீஸ் கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் வைக்கிறது. இன்னொன்று, ஐந்தாவது சிங்கிள் முடியும் இடம் ஆலமரத்தடி. அங்கே அரை மணி உட்கார மரம் இருக்கிறது, கழிவறை இல்லை. பெண் கண்டக்டர் இருக்கிற பஸ் என்றால் சொல்லவே வேண்டாம்.

எளிய வழி, 8:50க்கு பஸ்ஸையும் சேர்த்து நிறுத்திவிடுவது. 9:20க்கு மறுபடி கிளம்பினால் எட்டாவது சிங்கிள் 1:10க்கு முடியும், கணக்கு முடித்து 1:30. ஓய்வைக் கழித்தால் வேலை 8 மணி 20 நிமிடம், எட்டைத் தாண்டுகிறது. ஏழோடு நிறுத்தினால் நேரம் சரிப்படும், ஆனால் ஏழாவது முடிவது ஆலமரத்தடியில், அடுத்த ஷிப்ட் ஆள் அங்கே போய்க் கை மாற்ற வேண்டும். 24 பேரும் ஆளுக்கொரு சிங்கிள் இழந்தால் நாளைக்கு 24 சிங்கிள் போச்சு. அதைவிட மோசம், காலை ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பஸ் சும்மா நிற்கும், ஜனம் பார்த்துக்கொண்டிருக்கும். கிளை மேலாளர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். நானும் மாட்டேன்.

இன்னொரு வழி, பஸ்ஸை ஓட விட்டு ஆளை மட்டும் இறக்குவது. 8:50க்கு வந்த டிரைவர் இறங்கிவிடுவார், அவருடைய பஸ்ஸை 9:00 மணிக்கு ஒரு மாற்று ஆள் எடுப்பார். அடுத்த பஸ்ஸை 9:10க்கு இரண்டாவது மாற்று ஆள் எடுப்பார். முதலில் இறங்கியவர் அரை மணி முடித்து 9:20க்கு மூன்றாவதாக வந்த பஸ்ஸில் ஏறுவார். 9:00 மணிக்கு இறங்கியவர் 9:30 பஸ்ஸில். இப்படி ஒவ்வொருவரும் இரண்டு பஸ் பின்தங்கி ஏறிக்கொண்டே போனால், பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதில் ஒரு நிமிடமும் கெடாது. மாற்று ஆட்கள் இருவரும் ஆளுக்கு ஒரு நடை, அதாவது போக ஒன்று வர ஒன்று என இரண்டு சிங்கிள், போய்விட்டு 10:50க்கும் 11:00க்கும் திரும்பி வரும்போது, கடைசியாக ஓய்வெடுத்தவர்கள் அந்த இரண்டு பஸ்ஸையும் வாங்கிக்கொள்வார்கள். சங்கிலி மூடிக்கொள்ளும். இந்த இடத்தைக் கதையில் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள், ஏனென்றால் எங்கள் தொழிலில் ஏதாவது அழகு இருக்கிறதென்றால் அது இதுதான். நான் முதன்முதலில் இதைத் தாளில் வரைந்தபோது என் டீ ஆறிப்போயிற்று.

மாலையும் இதே கதை. மதிய ஷிப்ட்காரர்களின் நான்காவது சிங்கிள் 5:10 வாக்கில் முடியத் தொடங்கும், மாற்று ஆட்கள் 5:20க்கு மறுபடி வண்டியேறுவார்கள். கையால் வெட்டிப் பார்த்தால் நாளைக்கு 26 ஆள் வருகிறது: 12 காலை, 12 மதியம், 2 மாற்று. மதிய ஆட்களில் நால்வருக்கு எட்டுக்குப் பதில் ஆறு சிங்கிள்தான் கிடைக்கும். 24 எங்கே, 26 எங்கே? பன்னிரண்டில் ஒரு பங்கு கூடுதல். வார விடுமுறையைச் சேர்த்தால் ஆறு டூட்டிக்கு ஏழு ஆள் வேண்டும். 24க்கு 28 பேர் வைத்திருந்தோம், 26க்கு 31 ஆகிறது. மூன்று டிரைவர், மூன்று கண்டக்டர் கூடுதல், ஒரே தடத்துக்கு. லீவ், மருத்துவ விடுப்பு இதற்கு மேலே.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்றும் சொல்லிவிடுகிறேன். 24 தப்பு என்பது உறுதி. 26 என்பது இந்தத் தடத்துக்கு, இந்த ஓட்ட நேரத்துக்கு மட்டும்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருப்பதால்தான் இரண்டு மாற்று ஆளோடு முடிந்தது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் கிராமத் தடத்தில் பின்வண்டி ஏறும் வித்தை எடுபடாது, ஆள் அநியாயத்துக்குக் காத்திருப்பார். ஆகவே "விதியைச் சேர்த்தால் எட்டு சதவீதம் கூடும்" என்று கயல் பொதுவாக அறிவித்தால் அவளும் மேலாளர் செய்த தப்பையே செய்கிறாள். இன்னும் ஒன்று, என்னுடைய 26லும் ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன 8 மணி 20 நிமிடம் அப்படியே கிடக்கிறது, அரை மணி ஓய்வு கொடுத்த பிறகும் எட்டு சிங்கிள்காரருக்கு 20 நிமிடம் அதிகம். "ஓ.டி. கொடுத்துவிடலாம்" என்பார்கள். எட்டு மணி நேரத்தைத் தாண்டலாம் என்று சட்டம் விட்டுக்கொடுப்பது நீண்ட தூரத் தடம், திருவிழா மாதிரியான அறிவிக்கப்பட்ட சந்தர்ப்பங்கள், அப்புறம் வண்டி கெட்டுப்போவது, ரோடு மறிபடுவது மாதிரி எதிர்பாராதவை. தினமும் ஓடும் டவுன் பஸ்ஸின் அட்டவணையிலேயே இருபது நிமிட ஓ.டி.யை எழுதி வைப்பது இதில் எதிலும் அடங்காது. டிரைவருக்கு வண்டி எடுக்க, விட, பத்துப் பத்து நிமிடம் போதும் என்று குறைத்தால் எட்டு மணி நேரம் மயிரிழையில் பொருந்தும். கண்டக்டருக்குப் பொருந்தாது, அவர் சில்லறை எண்ணிக் கட்ட வேண்டும். இந்த முடிச்சைக் கதையில் அவிழ்க்க வேண்டாம். இதைக் கழகத்திலும் யாரும் ஒரு நாளில் அவிழ்க்க மாட்டார்கள், தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேசித்தான் ஆகும்.

மேலாளர் என்ன சொல்வார் என்பதிலும் கவனம் தேவை. அவரை வில்லன் ஆக்காதீர்கள். அவர் சொல்லக்கூடியவை மூன்றுமே பாதி நியாயமானவை. "மொத்தத்துல சரியா வருதேம்மா" என்பது முதலாவது. "ஆறு மணி நேர டூட்டியா வெட்டிட்டா இடைவேளையே வேண்டாமே" என்பது அடுத்தது. சட்டப்படி சரி, ஆனால் 192 மணி நேரத்தை ஆறால் வகுத்தாலே 32 ஆள் ஆகிறது, செலவு இன்னும் ஏறும். மூன்றாவது, "டிரைவர்களே கேக்கல, நாம ஏன் இழுத்து விடணும்?"

இந்த மூன்றாவதில் உண்மை நிறைய. பல கிளைகளில் டிரைவர்கள் தாங்களாகவே இரண்டு ஷிப்டையும் சேர்த்து ஒரே நாளில் பார்த்துவிட்டு மறுநாள் வீட்டில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஊர் அறுபது கிலோமீட்டர் தள்ளி, வயலில் வேலை, பிள்ளை காலேஜ். தினமும் வந்து போவதைவிட ஒரு நாள் முழுக்க முறிந்துவிட்டு மறுநாள் தூங்குவது அவர்களுக்கு வசதி. சட்டத்தில் இதற்கு இடமில்லை: ஓய்வையும் சேர்த்து ஒரு நாளில் வேலை 12 மணி நேரத்துக்கு மேல் பரவக் கூடாது, ஒரு டூட்டி முடிந்து அடுத்த நாள் டூட்டிக்குள் ஒன்பது மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆனால் கயல் தாளோடு போய் நிற்கும்போது அந்த டிரைவர் நன்றி சொல்ல மாட்டார். "நல்லதுதாம்மா செய்றீங்க. ஆனா இதை எழுதிக் குடுத்தீங்கன்னா எங்க டபுள் டூட்டிக்கும் சேர்த்து ஆப்பு வெச்சிருவாங்க" என்பார். கயலின் கணக்கில் வராத ஆள் அவர். அவள் எழுதும் திருத்தத்திலும் வர மாட்டார்.

திருத்தத்தால் அடிபடுகிறவர்களும் உண்டு. அந்த இரண்டு மாற்று ஆட்களை நினைத்துப் பாருங்கள். காலை 8:40க்கு வந்து 9:00 மணிக்கு ஒரு நடை. பதினொன்றேகாலுக்கு இறங்கினால் மாலை ஐந்து மணி வரை வேலை இல்லை. பிறகு 5:20க்கு ஒரு நடை, ஏழரைக்கு வீடு. இரண்டு துண்டாக டூட்டியைப் பிரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது, பரவலும் 12 மணி நேரத்துக்குள்தான். அடித்த சிங்கிள் நான்கே நான்கு. ஆனால் நாள் பூராவும் பஸ் ஸ்டாண்டிலேயே கழிந்துவிட்டது. இந்த டூட்டிக்கு யாரும் தாமாகக் கை தூக்க மாட்டார்கள். சீனியாரிட்டி குறைந்த புது ஆள் தலையில்தான் விழும். என் கிளையில் இப்படி ஒரு டூட்டியை வாங்கிய பையன் மூன்று மாதம் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் தூங்கினான். அட்டவணையைப் போட்டவன் நான் என்று தெரிந்தும் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் வைத்தான்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். சேர்ந்து ஏழாவது வருடமோ எட்டாவதோ, ஒரு புதுத் தடத்துக்குச் செலவுக் கணக்கு என் மேஜைக்கு வந்தது. ஓய்வு 80க்குப் பதில் 84 நிமிடம், ஏழு நிறுத்தம், தலைக்கு 12. கூட்டலைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் கழித்து கிலோமீட்டர் குறைவு என்று கிளையை வறுத்தெடுத்த கூட்டத்திலும் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கிளை மேலாளர் நெரிசலைக் காரணம் காட்டினார். எனக்கு அப்போதும் பொறி தட்டவில்லை. எனக்குக் கீழே டிரிப் ஷீட் பதிகிற கிளார்க் ஒருவர்தான் ஒரு நாள் ஷீட்டை நீட்டி, "சார், இந்தாளு காலைலேருந்து எப்ப சார் சாப்பிட்டிருப்பாரு?" என்று கேட்டார். சூத்திரம் எல்லாம் அவருக்குத் தெரியாது. கதையின் முதல் கேள்வியாக எதை வைப்பது என்று தடுமாறினால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. நான் மேற்கோள் காட்டிய 1961 சட்டத்தை மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள். கதையை 2010களில் வைத்தால் பிரிவு எண்களைத் தயங்காமல் எழுதலாம். இன்றைய கதை என்றால் எண்களைத் தவிர்த்து "அரை மணி", "ஐந்து மணி நேரம்" என்று பேச்சுவழக்கில் விட்டுவிடுங்கள், ரோட்டில் பேசுவதும் அப்படித்தான்.

விபத்து வேண்டாம். இந்தக் கருவில் எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு பஸ்ஸைக் கவிழ்த்துவிடுகிறார்கள். ஓய்வில்லாத டிரைவர் பெரும்பாலும் எதையும் கவிழ்க்க மாட்டார். நிறுத்தத்தில் நிற்காமல் தாண்டிப் போவார், சில்லறைக்காக நிற்கும் பயணியிடம் எரிந்து விழுவார், பன்னிரண்டு மணி சிங்கிளை வெட்டுவார். இந்த அளவே போதும், இதுதான் தினமும் நடப்பது.

MAX போடும் காட்சியை இரவு ஆபீஸில், மானிட்டர் வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். என்னைக் கேட்டால் அதற்கு முன்பு அவளை ஒரு காலை 8:50க்கு பஸ் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பஸ் 8:57க்கு வருகிறது. டிரைவர் இறங்கி, முகத்தில் தண்ணீர் அடித்து, கேன்டீனில் வடையைக் கையில் வாங்குகிறார். டைம் கீப்பர் ஜன்னலிலிருந்து விசில். வடையைப் பேப்பரோடு டேஷ்போர்டில் வைத்துவிட்டு வண்டியை எடுக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து ஆலமரத்தடியில் அதே பேப்பரில் எண்ணெய் ஊறிக் கிடக்கும், வடை பாதி இருக்கும்.